கோத்தகிரியிலிருந்து மதுரைக்கு மாறுதல்: துறைத் தலைவருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: ஐயா, கோத்தகிரியில் ஓர் அரசு அலுவலகத்தில் ஆறு வருடமாக இளநிலை உதவியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் மதுரை. அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, போன வருடத்திலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதால் துணைக்குப் போக முடியவில்லை. தங்கை மஸ்கட்டில் இருக்கிறாள். மதுரைக்கு மாறுதல் கேட்டு சென்னையில் உள்ள துறைத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். எட்டு மாதமாகப் பதில் இல்லை. எம்.எல்.ஏ. கடிதம் வைத்தால்தான் நடக்கும் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்:

தம்பி, கேள்வியோடு நீங்கள் அனுப்பியிருந்த அந்த நான்கு பக்கத்தின் நகலையும் படித்தேன். அதில் உள்ள கஷ்டம் அத்தனையும் உண்மை என்பது படிக்கும் யாருக்கும் தெரியும். ஆனாலும் அதற்குப் பதில் வராமல் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, நிர்வாகப் பிரிவில் நெடுங்காலம் இந்த மாதிரிக் கோப்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதம் போன வழி தவறு, அதில் இருக்க வேண்டிய சில விஷயங்கள் இல்லை, இவ்வளவுதான் காரணம். இரண்டையும் சரி செய்ய முடியும்.

முதலில் வழியைப் பார்ப்போம். நீங்கள் நேராக சென்னைக்கு அனுப்பியது அங்கே தபால் பிரிவில் பதிவாகி, உங்கள் பதவிக்கான பணியமைப்பைப் பார்க்கும் எழுத்தரின் மேசைக்குப் போயிருக்கும். அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? நீங்கள் தகுதிகாண் பருவம் முடித்தவரா, உங்கள் மீது 17(அ), 17(ஆ) ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இருக்கிறதா, உங்கள் மாவட்ட அலுவலர் உங்களை விடச் சம்மதிக்கிறாரா, இதில் ஒன்றுமே அவருக்குத் தெரியாது. அதனால் அந்தக் கடிதத்தை ஒன்று உதகைக்கே திருப்பி அனுப்பி அறிக்கை கேட்டிருப்பார், இல்லையென்றால் உரிய வழியாக வரவில்லை என்று குறித்து முடித்திருப்பார். துறைத் தலைவரின் மேசைக்கு அது போயே இருக்காது. நீங்கள் எட்டு மாதமாக யாருடைய மௌனத்தை நினைத்து வருந்திக்கொண்டிருக்கிறீர்களோ, அவர் உங்கள் கடிதத்தைப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை.

இந்த முறை கடிதத்தைத் துறைத் தலைவருக்கே எழுதுங்கள், ஆனால் கோத்தகிரியில் உங்கள் அலுவலகத் தபாலில் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து உதகையில் உள்ள மாவட்ட அலுவலகம், பிறகு சென்னை. மாவட்ட அலுவலகத்திலிருந்து சென்னைக்குப் போகும் அந்த ஒரு பக்க முகப்புக் கடிதம் இருக்கிறதே, உங்கள் மாறுதல் பாதிக்கு மேல் அங்கேதான் தீர்மானமாகிறது. 'விண்ணப்பதாரரின் கோரிக்கையை ஏற்கலாம் எனப் பரிந்துரைத்து அனுப்புகிறேன்' என்று இருந்தால் ஒரு விதம். 'தக்க நடவடிக்கைக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது' என்று இருந்தால் வேறு விதம். இரண்டாவதைப் படிக்கிற எவருக்கும், மாவட்ட அலுவலர் வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் அனுப்பியிருக்கிறார் என்று புரிந்துவிடும். அதனால் கடிதம் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை உதகைக்குப் போய் அவரைப் பார்த்துப் பேசுங்கள்.

அவருடைய கவலை உங்கள் அப்பாவைப் பற்றியது அல்ல, அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நாற்காலி காலியானால் அதில் யார் உட்காருவார் என்பதுதான் அவர் கவலை. மலையில் ஒரு பணியிடம் காலியானால் கீழே இருந்து ஆள் சீக்கிரம் ஏறி வருவதில்லை. மலைப்படியும் குளிர்காலப்படியும் கொடுத்தும் வருகிறவர் சேர்ந்த நாளிலிருந்தே இறங்கும் வழியைப் பார்க்கிறார். உங்கள் நான்கு பக்கத்தில் இரண்டாம் பக்கம் முழுக்கக் குளிர், மழைக்கால மண்சரிவு, இரவில் மேட்டுப்பாளையம் சாலையில் இறங்க முடியாதது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்துவிடுங்கள். நீலகிரியிலிருந்து போகும் எல்லா மாறுதல் மனுவிலும் அந்தப் பக்கம் இருக்கும், கொடைக்கானல் மனுவிலும் இருக்கும். அதைப் படிக்கும்போது அதிகாரிக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இந்தக் காரணத்துக்காக இவரை விட்டால் நாளைக்கு மலையில் இருக்கிற எல்லோரையும் விட வேண்டும். அப்பாவின் டயாலிசிஸ் என்கிற உங்கள் உண்மையான காரணத்தை அந்தக் குளிர் மூடிவிடுகிறது.

நாற்காலிக் கவலைக்கு நல்ல மருந்து மனமொத்த மாறுதல். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் தேர்வாணையத்தில் தேறி மதுரை, திண்டுக்கல், சிவகங்கை என்று எங்கெங்கோ இதே பதவியில் இருந்துகொண்டு, ஊருக்கு எப்போது திரும்பலாம் என்று காத்திருப்பார்கள். உங்கள் துறையில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று சங்கத்துக்காரர்களிடம் கேளுங்கள், பவானிசாகரில் உங்களோடு பயிற்சி எடுத்தவர்களிடம் கேளுங்கள். ஒருவர் கிடைத்தால் இருவரும் தனித்தனியாக, ஒருவர் பெயரை மற்றவர் குறிப்பிட்டு, அவரவர் அலுவலகம் வழியாக மனு கொடுக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றாலும் முயற்சி செய்தீர்கள் என்பது உதகையில் பேசும்போது உதவும். அப்போது மதுரை மாவட்ட அலுவலகத்தில் உங்கள் பதவியில் காலியிடம் இருக்கிறதா என்றும் தெரிந்து வைத்திருங்கள். ஒரு போன் போதும். சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

இனிக் கடிதத்துக்கு வருவோம். சென்னையில் உங்கள் மனுவை வைத்து ஒருவர் குறிப்பு எழுதுவார், மேலே இருப்பவர்கள் அந்தக் குறிப்பைத்தான் படித்துக் கையெழுத்திடுவார்கள். ஆகவே அவர் எடுத்து எழுதக்கூடிய வாக்கியமாக நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். 'பெற்ற தந்தை படும் வேதனையைக் கண்கொண்டு பார்க்க முடியாமல் தவிக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான், ஆனால் அதைக் குறிப்பில் ஏற்ற வழி கிடையாது. 'திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், முடிந்ததும் ரத்த அழுத்தம் குறைவதால் துணையின்றி வீடு திரும்ப இயலாது' என்று எழுதினால் அப்படியே ஏறிவிடும். படிக்கிறவர் மனதிலும் அது தைக்கும்.

அந்தக் குறிப்பு எழுதுகிறவருக்கு இரண்டு கேள்வி வரும். வேறு யாரும் இல்லையா? அம்மாவின் அறுவை சிகிச்சைச் சான்றும், தங்கை வெளிநாட்டில் இருப்பதும் அதற்குப் பதில். இரண்டாவது கேள்விக்குத்தான் உங்கள் மனுவில் பதிலே இல்லை: அப்பாவை நீலகிரிக்கே அழைத்து வந்து வைத்துக்கொண்டால் என்ன? இதை யாரும் உங்களிடம் நேரில் கேட்க மாட்டார்கள், கோப்பில் கேட்பார்கள், நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். நீங்கள் கேள்வியில் சொல்லாத ஒரு விஷயம் அந்த நான்காம் பக்கத்தின் கடைசியில் ஒரு வரியாக ஒளிந்திருக்கிறது: மாற்றுச் சிறுநீரகத்துக்காக அப்பாவின் பெயர் மதுரை மருத்துவமனை வழியாகப் பதிவாகியிருக்கிறது. தம்பி, உங்கள் மனுவில் உள்ள மிக வலுவான வரி அதுதான். உறுப்பு கிடைத்துவிட்டது என்று அழைப்பு வந்தால் சில மணி நேரத்துக்குள் நோயாளி அங்கே இருந்தாக வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம், கோவை வழியாக மதுரை ஏறத்தாழ 280 கி.மீ. அப்பாவை மலைக்கு அழைத்து வர முடியாது என்பதற்கும், நீங்கள் மலையிலேயே இருக்க முடியாது என்பதற்கும் அந்த ஒரு வரி பதில் சொல்கிறது. அதை இரண்டாவது பத்திக்குக் கொண்டு வாருங்கள்.

அப்பாவுக்கு மருத்துவச் சான்று ஒன்று போதும், ஆனால் சரியானதாக இருக்க வேண்டும். சிகிச்சை தரும் சிறுநீரக மருத்துவரிடமே, என்ன நோய், எந்தத் தேதியிலிருந்து டயாலிசிஸ், வாரத்துக்கு எத்தனை முறை, உடன் ஒருவர் இருப்பது அவசியம், மாற்று அறுவை சிகிச்சைக்குப் பதிவு செய்யப்பட்டுள்ளது, இவ்வளவும் ஒரே தாளில் வாங்குங்கள். ரத்தப் பரிசோதனைத் தாள்களையெல்லாம் கட்டாகக் கட்டி இணைத்தால் தேவையான தாள் அதற்குள் மறைந்துவிடும்.

இப்படி எழுதிப் பாருங்கள், வெற்றிடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்:

பெறுநர்: இயக்குநர் அவர்கள், ........, சென்னை.
வழி: மாவட்ட அலுவலர் அவர்கள், ........, உதகமண்டலம்.

பொருள்: பணியமைப்பு – இளநிலை உதவியாளர் – தந்தையின் தொடர் சிகிச்சை காரணமாக நீலகிரி அலகிலிருந்து மதுரை அலகுக்குச் சொந்த விருப்பத்தின் பேரில் மாறுதல் கோருதல் – சார்பு.

ஐயா,

நான் ........ அன்று பணியில் சேர்ந்து, கோத்தகிரி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகப் பணிபுரிந்து வருகிறேன். ........ நாளிட்ட ஆணையின்படி தகுதிகாண் பருவத்தை முடித்துள்ளேன். என் மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை.

என் தந்தை (வயது ..) சிறுநீரகச் செயலிழப்பால் ........ முதல் மதுரையில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் பெற்று வருகிறார். மாற்றுச் சிறுநீரகத்துக்காக அம்மருத்துவமனை வழியாகப் பதிவு செய்யப்பட்டு, அழைப்பு வந்தால் உடனடியாக அங்கு இருக்க வேண்டிய நிலையில் உள்ளதால், அவரை நீலகிரிக்கு அழைத்து வர இயலவில்லை. சிகிச்சையின்போது உடன் ஒருவர் இருப்பது அவசியம் என மருத்துவர் சான்றளித்துள்ளார். என் தாயார் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். என் சகோதரி வெளிநாட்டில் உள்ளார். உடன் இருக்க வேறு எவரும் இல்லை.

இதன் காரணமாகக் கடந்த ஓராண்டில் .. நாட்கள் விடுப்பு எடுக்க நேர்ந்தது. அந்நாட்களில் என் இருக்கையின் பணிகளைச் சக பணியாளர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியதாயிற்று.

எனவே என்னை மதுரை அலகுக்கும், அங்கு காலியிடம் இல்லையெனில் திண்டுக்கல் அல்லது சிவகங்கை அலகுக்கும் மாறுதல் செய்து ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். புதிய அலகில் விதிகளின்படி நிர்ணயிக்கப்படும் முதுநிலையை ஏற்கவும், மாறுதல் பயணப்படி கோராதிருக்கவும் சம்மதிக்கிறேன்.

இவ்வளவுதான், ஒரு பக்கத்தைத் தாண்டாது. விடுப்புப் பத்தியைப் பார்த்து நீங்கள் தயங்கலாம், நம்மை நாமே காட்டிக்கொடுப்பது மாதிரி இருக்கிறதே என்று. அந்த விடுப்பெல்லாம் ஏற்கெனவே உங்கள் அலுவலகப் பதிவேடுகளில் இருக்கிறது. வருடத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பும் தீர்ந்து, ஈட்டிய விடுப்பும் கரைந்துகொண்டிருக்கிற ஒருவரைக் கோத்தகிரியில் வைத்திருப்பதால் அலுவலகத்துக்கும் பெரிய லாபம் இல்லை என்பதை மரியாதையாகச் சொல்கிற இடம் அது. உங்களை விடுவது நிர்வாகத்துக்கும் நல்லது என்று காட்டுகிற ஒரே பத்தியும் அதுதான்.

'எங்கு வேண்டுமானாலும் போடுங்கள்' என்று எழுதாதீர்கள். எங்கோ ஒரு மாவட்டத்தில் போட்டுவிட்டால் கோரிக்கை ஏற்கப்பட்டதாகக் கணக்காகிவிடும், மறுபடி கேட்க முகம் இருக்காது. திண்டுக்கல் என்றால் மதுரையிலிருந்து தினமும் ரயிலில் போய் வரலாம், அந்த மாதிரி இடங்களை மட்டும் எழுதுங்கள்.

மனுவில் முதுநிலை பற்றிச் சம்மதம் சொல்லும் கடைசி வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் துறையில் மாவட்டம்தான் அலகு என்பதால், சொந்த விருப்பத்தில் அலகு விட்டு அலகு போனால் புதிய இடத்தில் முதுநிலைப் பட்டியலின் கடைசியில்தான் உட்கார வேண்டும். இப்போது நீலகிரியில் உதவியாளர் பதவி உயர்வுக்கு உங்களுக்கு முன்னால் நான்கைந்து பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் நாற்பது பேர் இருந்தால் நீங்கள் நாற்பத்தொன்றாவது ஆள். போன மாதம் சேர்ந்த பையனும் உங்களுக்கு மூத்தவர். ஆறு வருடம் கழித்து அவர் உதவியாளராகி உங்கள் கோப்பைப் பார்ப்பார், அப்போது மனது வலிக்கும். சம்பளம் குறையாது, ஆண்டு ஊதிய உயர்வு நிற்காது, செய்த பணிக்காலமும் எங்கும் போகாது. மலைப்படியும் குளிர்காலப்படியும் நின்றுவிடும். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மனமொத்த மாறுதலும் சொந்த விருப்பம்தான், முதுநிலை அப்படியே கூட வரும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் துறையில் எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்று நிர்வாகப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சம்மத வாக்கியம் இல்லாமல் போனால், அதைக் கேட்டுக் கோப்பு சென்னையிலிருந்து உதகைக்கும் உதகையிலிருந்து கோத்தகிரிக்கும் இறங்கி மறுபடி ஏறும். அதில் மட்டும் இரண்டு மூன்று மாதம் போய்விடும். அதனால்தான் முதல் மனுவிலேயே எழுதச் சொன்னேன்.

நேரில் பேசும்போது மாவட்ட அலுவலர் 'கொஞ்ச நாளைக்கு மாற்றுப்பணியில் மதுரை போய் வாங்களேன்' என்று சொல்லக்கூடும். அதில் முதுநிலை போகாது, பெயர் நீலகிரியிலேயே இருக்கும். ஆனால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து மேலே கூப்பிடலாம். அப்பாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் சில மாதத்தில் கிடைத்துவிடும் என்று மருத்துவர் சொன்னால் மாற்றுப்பணியே போதும், பதவி உயர்வை இழக்க வேண்டியதில்லை. காத்திருப்புப் பட்டியலில் எவ்வளவு காலம் என்று அவராலேயே சொல்ல முடியாவிட்டால் நிரந்தர மாறுதலைக் கேளுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். டயாலிசிஸ் வருடக்கணக்கில் போகிற சிகிச்சை, ஒவ்வொரு ஆறு மாதமும் ரத்தாகுமா நீடிக்குமா என்ற பயத்தோடு அதை நடத்த முடியாது. மாற்றுப்பணி கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், நிரந்தர மாறுதல் மனுவை மட்டும் திரும்பப் பெறாதீர்கள்.

எம்.எல்.ஏ. கடிதம் வேண்டவே வேண்டாம். பணி சம்பந்தமான காரியத்துக்கு அரசியல் செல்வாக்கையோ வெளியார் செல்வாக்கையோ கொண்டுவருவது தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-இன்படி தவறு. அந்தக் கடிதம் கோப்பில் இருக்கும் வரை அது உங்களுக்கு எதிராக எடுக்கத்தக்க ஒரு தாள். சிலருக்கு நடந்திருக்கலாம், அதற்காக உங்களைப் போல நியாயமான காரணம் கையில் இருப்பவர் அந்த ஆபத்தை ஏற்க வேண்டாம். அம்மா பெயரில் முதல்வரின் குறைதீர் பிரிவுக்கு மனு போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அது சுற்றி வந்து அதே நிர்வாகப் பிரிவுக்குத்தான் அறிக்கைக்கு வரும், முதலில் உரிய வழியாகக் கேட்டாரா என்றுதான் அங்கே பார்ப்பார்கள்.

நீதிமன்றம் போகலாம் என்றும் யாராவது சொல்வார்கள். மாறுதல் என்பது பணியின் ஓர் அங்கம், குடும்பத்தைக் கருதி வகுத்த வழிகாட்டு நெறிமுறைகள் ஊழியருக்குச் சட்டப்படி வலியுறுத்தக்கூடிய உரிமையைத் தருவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் எஸ்.எல். அப்பாஸ் வழக்கில் சொல்லிவிட்டது. அரசு மாறுதல் கொள்கை வகுக்கும்போது ஊழியரின் குடும்ப வாழ்க்கையையும் கருத வேண்டும் என்று 2022-இல் நௌசாத் ரகுமான் வழக்கில் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். ஆனால் அந்த வழக்கிலும் மாறுதல் கேட்டவர்களுக்கு அதை உரிமையாகக் கொடுத்துவிடவில்லை. அதனால் மனுவில் 'உரிமை' என்ற சொல்லோ தீர்ப்பு எண்ணோ எழுதாதீர்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் மட்டும் மறுப்பை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை எந்தக் காரணத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அது காட்டும்.

கொடுத்த பிறகு சும்மா இருக்காதீர்கள். உதகையிலிருந்து மனு சென்னைக்குக் கிளம்பிய கடிதத்தின் ந.க. எண்ணையும் தேதியையும் வாங்குங்கள், அது இல்லாமல் தலைமை அலுவலகத்தில் எதையும் தேட முடியாது. ஒன்றரை மாதம் கழித்து அந்த எண்ணைப் பார்வையில் காட்டி ஒரு நினைவூட்டு, அதையும் அதே வழியில் கொடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் துறைத் தலைவரை நேரில் சந்திக்க மாவட்ட அலுவலரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, விடுப்பு போட்டுவிட்டுப் போங்கள். உள்ளே இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். மருத்துவச் சான்றை மேலே வைத்து, எண்ணைச் சொல்லி, மாற்றுச் சிறுநீரகப் பதிவைச் சொல்லுங்கள், அது போதும். பொது மாறுதல் பெரும்பாலும் பள்ளி விடுமுறையை ஒட்டி நடப்பதால், மனு பங்குனிக்குள் சென்னையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆணை வந்ததும் சந்தோஷத்தில் அன்றைக்கே பஸ் ஏறிவிடாதீர்கள். இருக்கைப் பொறுப்பைப் பட்டியல் போட்டு ஒப்படைத்து அதில் கையெழுத்து வாங்குங்கள். சம்பளப் பட்டியல் போடும் களஞ்சியம் இணையத்தளத்தில் உங்களை விடுவித்த பதிவு ஏறிவிட்டதா என்று பாருங்கள், அது ஏறும்வரை மதுரையில் சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர் வராது. பணிப்பதிவேட்டில் விடுப்புக் கணக்கு இன்றைய தேதி வரை எழுதிக் கையொப்பமாகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு இறங்குங்கள். அப்பாவுக்கு அழைப்பு வரும் நாளில் உங்களுக்கு முதலில் தேவைப்படப்போவது விடுப்புதான். கணக்கு உதகையில் மாட்டிக்கொண்டிருந்தால், புதிய அலுவலகத்தில் அதை அனுமதிக்க அவர்களுக்கு விருப்பம் இருந்தாலும் கை கட்டியிருக்கும்.